வினாடி வினா நடத்துநர் உரை: "தமிழில் முதல் அச்சு நூல்" கேள்விக்கு நான் கொடுத்த தீர்ப்பு சரியா?

மேடைக்காரன் எழுதியது:

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டம் ஆண்டுதோறும் ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு வினாடி வினா நடத்துகிறது. ஆறு பள்ளிகள், அணிக்கு இரண்டு பேர். இரண்டு ஆண்டுகளாகக் கேள்வி கேட்பவன் நான். போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததில் எனக்கு மனம் ஒப்பவில்லை. என் உரையையும் நடந்ததையும் அப்படியே வைக்கிறேன். கிழித்துப் போடுங்கள்.

தொடக்க உரை இது:

"வணக்கம். ஆறு அணிகளுக்கும் ஆறு ஆறுகளின் பெயர்: வைகை, பாலாறு, தாமிரபரணி, பெண்ணை, நொய்யல், காவிரி. எந்த ஆற்றில் தண்ணீர் இருக்கிறது என்பது ஒன்றரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். உங்கள் முறைக் கேள்விக்கு 30 விநாடி, சரியென்றால் 10 மதிப்பெண். தெரியாவிட்டால் அடுத்த அணிக்குப் போகும்; அவர்களுக்கு 10 விநாடி, 5 மதிப்பெண். தவறான விடைக்குக் கழிவு இல்லை. பார்வையாளர்களே, விடை தெரிந்தால் நெஞ்சுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கு வந்துவிட்டால் அந்தக் கேள்வி செத்தது. நஷ்டம் உங்கள் ஊர்ப் பிள்ளைக்குத்தான். ஆறு அணிகளும் தவறவிட்ட கேள்வி உங்களிடம் வரும். சொல்பவருக்குக் கடலை மிட்டாய். பல் செட் வைத்திருப்பவர்கள் தம் பொறுப்பில் கலந்துகொள்ளவும்."

இதுவரை நன்றாகவே போயிற்று. மூன்றாம் சுற்றில் பெண்ணை அணிக்கு நான் கேட்டது: "தமிழில் அச்சிடப்பட்ட முதல் நூல் எது?" என் அட்டையில் விடை "தம்பிரான் வணக்கம்". அந்த அணியில் கண்ணாடி போட்ட ஒரு பெண் தயங்காமல், "1554-ல் லிஸ்பனில் அச்சான கார்த்தில்யா" என்றாள். நான் அட்டையைப் பார்த்தேன். "தவறு" என்றேன். அடுத்திருந்த நொய்யல் அணி "தம்பிரான் வணக்கம்" என்று சொல்லி 5 வாங்கியது.

நான்காம் சுற்று முடிந்து மதிப்பெண் வாசித்தபோது நொய்யல் 75, பெண்ணை 70. அப்போது பார்வையாளர் வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எழுந்து, "அந்தப் பிள்ளை சொன்னது தப்பில்லையே ஐயா" என்றார். அரங்கம் சலசலத்தது. நான் அந்தக் கேள்வியையே ரத்து செய்தேன். நொய்யலின் 5-ஐக் கழித்ததும் இருவரும் 70. ஒரே ஒரு சமன்முறிப்புக் கேள்வி கேட்டேன், நொய்யல் வென்றது.

யாருக்கும் சாதகம் இல்லாமல் செய்ததாகத்தான் நினைத்தேன். ஆனால் அந்தப் பெண் கோப்பை வழங்கும்போது கைதட்டிய விதம் கண்ணிலேயே நிற்கிறது.

---

கோவில்பட்டி முத்து எழுதியது:

முதலில் ஒன்று: கடலை மிட்டாய்க்குப் பல் செட் எச்சரிக்கை கொடுத்த ஒரே நடத்துநர் நீங்கள்தான். ஊர்க்காரன் என்ற முறையில் நன்றி.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவன் நான். எங்களுக்கு டிஎன்பிஎஸ்சி முதலில் உத்தேச விடைக்குறிப்பு வெளியிடும். ஆட்சேபம் இருந்தால் குறித்த நாளுக்குள் ஆதாரத்தோடு தெரிவிக்க வேண்டும். அதன் பிறகு பேசிப் பயனில்லை. உங்கள் போட்டியிலும் அப்படி ஒரு வாரம் அவகாசம் கொடுத்துப் பிறகு பரிசு தரலாமே? அப்புறம், பொதுத்தமிழ்ப் பகுதிக்கு உங்கள் கேள்விகளின் தொகுப்பு கிடைக்குமா?

---

பழைய பஸ்ஸர் எழுதியது:

முத்து, அது எழுத்துத் தேர்வு. இங்கே கோப்பை அன்று மாலையே கொடுத்தாக வேண்டும், பிள்ளைகள் ஆறு மணி பஸ்ஸுக்குப் போக வேண்டும். ஆனால் நீர் சொன்னதில் ஒரு பாதி சரி. விடைக்குறிப்பு "உத்தேசம்" என்ற எண்ணம் மேடையில் நிற்பவனுக்கு வேண்டும். அட்டையில் இருப்பது நமக்குத் தெரிந்த விடை. அது கேள்விக்குரிய ஒரே விடையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மேடைக்காரரே, கல்லூரிக் காலம் முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் கேட்டும் பதில் சொல்லியும் வந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். உங்கள் தீர்ப்பு தவறு. நடுநிலை போலத் தெரியும் தவறு. ஆகவே அதில் கொஞ்சம் நேரம் செலவழிக்கிறேன்.

நீங்கள் கேட்ட சொற்களைப் பாருங்கள்: "தமிழில் அச்சிடப்பட்ட முதல் நூல்." தமிழ் எழுத்தில் என்று சொல்லவில்லை. இந்தியாவில் என்றும் சொல்லவில்லை. 1554-ல் லிஸ்பனில் அச்சான கார்த்தில்யாவில் இருப்பது தமிழ்மொழி. எழுத்து மட்டும் ரோமன். தம்பிரான் வணக்கம் 1578-ல் கொல்லத்தில், தமிழ் எழுத்து வார்த்து அச்சிட்டது. இரண்டுக்கும் நடுவே 24 ஆண்டுகள். "தமிழ் எழுத்தில்" என்ற எண்ணம் உங்கள் மனத்தில் இருந்தது, அட்டையில் இல்லை. அணி விடை சொல்வது நீங்கள் வாசித்த சொற்களுக்கு; மனத்தில் வைத்திருந்ததற்கு அல்ல. வாசித்த சொற்களுக்கு அந்தப் பெண்ணின் விடை பொருந்துகிறது. எனவே 10 அவளுக்கு.

கேள்வியை ரத்து செய்வது எப்போது? கேள்விக்கே விடை இல்லாதபோது, அல்லது கூட்டத்தில் யாராவது விடையைக் கத்திவிட்டபோது. சரியான விடை சொல்லப்பட்ட பிறகு ரத்து செய்தால், கேள்வி எழுதியவரின் பிழைக்கான அபராதத்தை அதிகம் படித்த பிள்ளை கட்டுகிறது.

---

சொல்லாய்வான் எழுதியது:

இதை ஏற்க முடியாது. ரோமன் எழுத்தில் இருப்பது எப்படித் தமிழ் நூல் ஆகும்? கார்த்தில்யா போர்த்துகீசியப் பாதிரிமார் தமக்கு மொழி பழகுவதற்காக அச்சடித்த போர்த்துகீசிய நூல். தமிழ் அச்சின் வரலாறு தமிழ் எழுத்து உலோகத்தில் ஏறிய அன்றுதான் தொடங்குகிறது. நடத்துநர் முதலில் "தவறு" என்று சொன்னதுதான் சரி. பிறகு பின்வாங்கியதுதான் பிழை.

---

சரோஜா நூலகர் எழுதியது:

போர்த்துகீசிய நூல் என்று ஒரேயடியாகச் சொல்ல வேண்டாம். அந்த நூலின் தலைப்பே தமிழ், போர்த்துகீசியம் என்ற இரு மொழிகளையும் சொல்கிறது. தமிழ் வரிகள் ரோமன் எழுத்தில் இருக்கின்றன, அவற்றோடு போர்த்துகீசியப் பொருளும் உண்டு. அதை உருவாக்கியதில் லிஸ்பனில் இருந்த தமிழர்களுக்குப் பங்கு உண்டு. எழுத்து வேறு, மொழி வேறு. என் பேத்தி ஆங்கில எழுத்தில் "saptacha" என்று செய்தி அனுப்புகிறாள். அது எந்த மொழி என்று சொல்லுங்கள்?

ஆனால் தம்பிரான் வணக்கத்தின் பெருமை இதனால் குறையாது. 16 பக்கச் சிறு நூல்தான். ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் பாதிரியார் போர்த்துகீசியத்திலிருந்து மொழிபெயர்த்தது. இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூல் அது. கேள்வி அப்படி இருந்திருந்தால் இந்த இழையே இருந்திருக்காது.

---

சொல்லாய்வான் எழுதியது:

பேத்தியின் செய்தி தமிழ்தான், அம்மா. ஆனால் அதைத் தமிழ் எழுத்து இலக்கியத்தில் சேர்ப்பீர்களா? பேச்சைப் பதிவு செய்வது வேறு, நூல் வேறு. என் கருத்தில் மாற்றம் இல்லை. இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்த வாதத்தை 30 விநாடியில் தீர்க்கச் சொல்வது நியாயமில்லை.

---

பழைய பஸ்ஸர் எழுதியது:

அதுதான் விஷயம். கார்த்தில்யா தமிழ் நூலா இல்லையா என்பதை நீங்கள் இருவரும் ஆறு மாதம் பேசலாம், நானும் தேநீரோடு உட்கார்ந்து கேட்பேன். நடத்துநர் அதைத் தீர்க்க வேண்டியதில்லை. படித்தவர்கள் நியாயமாக இரண்டு விடை சொல்லக்கூடிய கேள்வி என்று தெரிந்துவிட்டால் போதும், இரண்டையும் ஏற்க வேண்டும். சந்தேகத்தின் பலன் விடை சொன்னவருக்கு.

நேரமும் முக்கியம். "லிஸ்பன், 1554" என்று அந்தப் பெண் இடமும் ஆண்டும் சொன்னாள். வாய்க்கு வந்ததைச் சொல்லும் பிள்ளை இடமும் ஆண்டும் சேர்த்துச் சொல்லாது. உங்களுக்குத் தெரியாத விடை, அதுவும் விவரத்தோடு வருகிறது என்றால், "தவறு" என்று சொல்லும் முன் நிறுத்துங்கள். "நல்லது, இதைச் சரிபார்த்துச் சொல்கிறேன்" என்று விட்டு, அடுத்த அணிக்கு அனுப்பாமல் கேள்வியை அங்கேயே நிறுத்தி வையுங்கள். மேசையில் இன்னொருவர் பார்க்கட்டும். அடுத்த அணிக்கு அனுப்பிவிட்டால் முட்டை உடைந்துவிட்டது, திரும்பச் சேர்க்க முடியாது.

---

கணக்கு வாத்தியார் எழுதியது:

சேர்க்க முடியுமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

கேள்வி பெண்ணையிடமே நின்றிருந்தால் பெண்ணை 80. நொய்யலுக்கு அந்தக் கேள்வியே போயிருக்காது, ஆகவே 70. கறாராகப் பார்த்தால் 80-70. நொய்யல் பிள்ளைகள் எந்தத் தவறும் செய்யவில்லை, கேட்டதற்குச் சரியாகச் சொன்னார்கள் என்று அந்த 5-ஐ விட்டுவைத்தால் 80-75. எப்படிப் பார்த்தாலும் பெண்ணைக்கே கோப்பை. ரத்து செய்த உங்கள் வழியில் மட்டும்தான் சமன் வருகிறது.

ஆனால் மேலே சொன்ன ஒன்றில் எனக்கு உடன்பாடில்லை. நீங்கள் எல்லாரும் தகராறு வந்த கேள்வியையே பார்க்கிறீர்கள். உங்கள் போட்டியில் கேள்வி எப்போதும் வலப்பக்கத்து அணிக்கே போகிறது. பலவீனமான அணிக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு நான்கு சுற்றிலும் மிச்சம் கிடைத்துக்கொண்டே இருக்கும். நாற்காலிச் சீட்டு எடுத்தபோதே பாதிப் போட்டி முடிந்துவிட்டது. முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

---

பழைய பஸ்ஸர் எழுதியது:

வாத்தியார் சொல்வது உண்மை. அதற்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. எளியது, பாதிச் சுற்றுகளுக்குப் பிறகு திசையைத் திருப்புவது. இடமிருந்து வலம் போனது வலமிருந்து இடம் போகும். மற்றது, பெரிய போட்டிகளில் "இன்ஃபினிட் பவுன்ஸ்" என்கிறோமே, அது. அதில் முறைக் கேள்வி, வந்த கேள்வி என்ற பேதமே இல்லை, எதற்கும் 10 தான். ஒரு கேள்விக்கு யார் விடை சொன்னாரோ அவருக்கு அடுத்த அணியிலிருந்து அடுத்த கேள்வி தொடங்கும். தாமிரபரணிக்குக் கேட்டு காவிரி சொன்னால், அடுத்தது வைகையிலிருந்து. யாருமே சொல்லாவிட்டால், முதலில் யாரிடம் தொடங்கியதோ அவருக்கு அடுத்தவரிடம் போகும். இதனால் பக்கத்து நாற்காலி லாபம் பெரிதும் குறையும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இந்த முறையில் தவறான தீர்ப்பு இன்னும் தூரம் பாயும். கேள்வி யாரிடம் நின்றது என்பது மாறினால் அதற்குப் பின் வந்த எல்லாக் கேள்விகளும் வேறு அணிக்குப் போயிருக்கும். அரை மணி கழித்து வாத்தியார் போட்ட கணக்கைப் போட முடியாது. எனவே ஆட்சேபம் அடுத்த கேள்வியின் முதல் சொல் வாசிக்கப்படும் முன்பே வர வேண்டும். அதை அணிகளுக்குச் சொல்லியிருந்தீர்களா?

இன்னொரு கேள்வி. அந்தச் சமன்முறிப்புக் கேள்வி என்ன? நீங்கள் அதைச் சொல்லவே இல்லை.

---

யாழ்வாணி எழுதியது:

எங்கள் பாடசாலையில் நடந்ததும் இதே மாதிரி. "இலங்கையின் தலைநகரம் எது?" என்று கேட்டார்கள். ஒரு பிள்ளை கொழும்பு என்றது, மற்றது ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டை என்றது. நடுவர் இரண்டாவதற்கு மட்டும் புள்ளி கொடுத்தார். முதல் பிள்ளையின் அப்பா மேடைக்கே வந்துவிட்டார். பிறகு அந்த நடுவர் கேள்வியைத் திருத்தி, "பாராளுமன்றம் அமைந்துள்ள இலங்கையின் தலைநகரம்" என்று எழுதி வைத்துக்கொண்டார். இரண்டு சொல் கூடியது, சண்டை போய்விட்டது.

---

மேடைக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஆட்சேபத்துக்கு எப்போது வரை அவகாசம் என்று நான் சொல்லவே இல்லை. அந்தப் பெண்ணுக்குக் கை தூக்கலாம் என்றே தெரிந்திருக்காது.

சமன்முறிப்புக் கேள்வியைச் சொல்லாமல் விட்டது தற்செயல் அல்ல. அங்கேயும் எனக்கு உறுத்தல் இருந்தது. நூலக மேசையில் இருந்த இரண்டு மணிகளை ஆளுக்கு ஒன்றாக வைத்தேன். முதலில் அடித்தவர் சொல்லலாம், தவறினால் மற்றவருக்கு வாய்ப்பு. நான் வாசித்தது: "தென்னிந்தியாவின் மிக உயரமான சிகரம் ஆனைமுடி கேரளத்தில் இருக்கிறது, தமிழ்நாட்டுக்குள் மிக உயரமான சிகரம் எது?"

"தென்னிந்தியாவின் மிக உயரமான சிகரம்" என்று நான் சொல்லி மூச்சு வாங்கியபோது பெண்ணை மணியை அடித்தது. "ஆனைமுடி" என்றாள் அதே பெண். நான் மறுத்து, முழுக் கேள்வியையும் வாசித்தேன். நொய்யல் "தொட்டபெட்டா" என்றது.

---

கோவில்பட்டி முத்து எழுதியது:

அய்யய்யோ. ஒரே பிள்ளையை இரண்டு முறை.

அவசரப்பட்டு அடித்தது அவள் தவறு இல்லையா என்றும் ஒரு பக்கம் தோன்றுகிறது. தேர்விலும் கேள்வியை முழுதாகப் படி என்றுதானே சொல்கிறார்கள்?

---

பழைய பஸ்ஸர் எழுதியது:

முழுதாகக் கேட்க வேண்டும் என்றால் மணியை வாசித்து முடித்த பிறகே அடிக்கலாம் என்று விதி இருக்க வேண்டும். நடுவில் அடிக்கலாம் என்று விட்டால், அது வேகத்துக்கான போட்டி. அதில் கேள்வி எழுதுகிறவருக்கு ஒரு கடமை உண்டு: கேள்வியின் எந்த இடத்தில் நிறுத்தினாலும் அதுவரை கேட்டது ஒரே விடையை நோக்கியே போக வேண்டும். நடுவில் வேறு விடையைக் காட்டிவிட்டுப் பின்பாதியில் திரும்புவது கொக்கி. அதில் முதலில் மாட்டுவது எப்போதும் நன்றாகத் தெரிந்த பிள்ளைதான். தெரியாத பிள்ளை காத்திருக்கும், தப்பிக்கும்.

அதே கேள்வியை இப்படித் திருப்பிப் போடுங்கள்: "தமிழ்நாட்டுக்குள், நீலகிரியில், ஊட்டிக்கு அருகே 2,637 மீட்டர் உயரத்தில் நிற்கும், மாநிலத்தின் மிக உயரமான சிகரம் எது?" முதல் சொல்லிலேயே கதவு சாத்தியாயிற்று. நீலகிரி என்ற இடத்தில் அடிக்கிறவருக்கும், 2,637 என்ற இடத்தில் அடிக்கிறவருக்கும் ஒரே விடை. ஆனைமுடி 2,695 மீட்டர், ஆனால் அதை இந்தக் கேள்வியில் ஏன் இழுக்க வேண்டும்?

மூச்சு வாங்கியதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மணி இருக்கும் சுற்றில் வாசிப்பவர் இடையில் நிறுத்தினால் கேள்வி முடிந்துவிட்டது என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். நீளமான வாக்கியத்தை அட்டையில் எழுதும்போதே எங்கே மூச்சு என்று பென்சிலால் கோடு போட்டு, "எது", "யார்" மட்டும் கடைசியில் குரல் ஏறி முடியும்படி வாசித்துப் பழக வேண்டும். நான் வீட்டில் சமையலறைக்கு முன்னால் நின்று வாசிப்பேன். குக்கர் சத்தத்தில் மனைவிக்குப் புரிந்தால் அரங்கில் கடைசி வரிசைக்கும் புரியும்.

---

யாழ்வாணி எழுதியது:

ல, ள, ழ பற்றியும் யாராவது சொல்லுங்கள். இந்தியாவில் இருந்து வந்த நடத்துநர் ஒருவர் "அதிக மழை உள்ள இடம்" என்று வாசித்தார். எங்கள் பிள்ளைகள் "மலை" என்று கேட்டு மலைநாட்டு ஊர் ஒன்றைச் சொன்னார்கள். யாரில் பிழை?

---

சரோஜா நூலகர் எழுதியது:

கேள்வியில் பிழை. காதால் கேட்கும் கேள்வியில் ஒரு சொல் மட்டும் எடையைத் தாங்கக் கூடாது. "ஆண்டில் அதிகமாக மழை பெய்யும் இடம்" என்று "பெய்யும்" சேர்த்தால் ழகரம் சறுக்கினாலும் பொருள் சறுக்காது. கரை, கறை, விலக்கு, விளக்கு எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம். எங்கள் நூலகத்தில் கதை சொல்ல வருகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்.

---

சொல்லாய்வான் எழுதியது:

ழகரத்தைச் சரியாக உச்சரிக்கத் தெரிந்தவரையே மேடையேற்றலாம் என்று சொல்ல வந்தேன். பிறகு எங்கள் மாவட்டத்தில் அப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்து விட்டுவிட்டேன்.

---

கணக்கு வாத்தியார் எழுதியது:

நொய்யல் பிள்ளைகளைப் பற்றி யாரும் பேசவில்லை. அவர்கள் வீட்டில் இப்போது கோப்பை இருக்கிறது. அதைத் திரும்பக் கேட்பீர்களா? பிரிட்டனில் "ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்" நிகழ்ச்சியில் ஒரு கேள்வி: டென்னிஸில் ஒரு செட்டை வெல்ல ஒருவருக்குக் குறைந்தது எத்தனை அடிகள் தேவை? போட்டியாளர் 24 என்றார், சரி என்றார்கள். உண்மையில் 12 போதும். ஆறு ஆட்டங்களில் மூன்றில் எதிராளி சர்வீஸ் போடுவார். அவர் தொடர்ந்து இரட்டைப் பிழை செய்தால் நீங்கள் மட்டையைத் தொடவே வேண்டாம். மீதி மூன்று ஆட்டங்களில் ஆட்டத்துக்கு நான்கு நேர் சர்வீஸ், மொத்தம் 12. பிழை பிறகு தெரிந்தது. ஆனால் பணத்தைத் திரும்பக் கேட்கவில்லை, ஏனென்றால் பிழை நிகழ்ச்சியுடையது. எங்கள் வகுப்பில் இந்தக் கணக்கைப் போட்டால் பிள்ளைகள் இன்றும் 24 என்றே சொல்வார்கள்.

எனவே என் யோசனை: நொய்யலிடம் கோப்பை இருக்கட்டும். பெண்ணைக்கும் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

---

பழைய பஸ்ஸர் எழுதியது:

எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. கூட்டு முதலிடம் என்றால் நொய்யலுக்கு நியாயம், பெண்ணைக்குப் பாதி நியாயம். உம் கணக்குப்படியே பெண்ணை தனியாக வென்றிருக்கிறது. ஆனாலும் பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம் கொடுத்ததைப் பிடுங்குவது எனக்கும் கூசுகிறது. இதை நான் தீர்க்கவில்லை. மேடைக்காரர் இரண்டு பள்ளி ஆசிரியர்களிடமும் நடந்ததை நேராகச் சொல்லட்டும்.

---

கோவில்பட்டி முத்து எழுதியது:

அரங்கத்தோடு பேசுவதைப் பற்றி யாருமே சொல்லவில்லையே. இந்தச் சலசலப்பு வந்தபோது நீங்கள் என்ன சொல்லிச் சமாளித்தீர்கள்?

---

மேடைக்காரன் எழுதியது:

"பார்த்தீர்களா, ஆறுகளில் தண்ணீர்ச் சண்டை வந்துவிட்டது" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். இப்போது நினைத்தால் அதுவும் பிழை. தலைமையாசிரியர் எழுப்பிய நியாயமான கேள்வி அந்தச் சிரிப்பில் கரைந்துபோயிற்று.

---

சரோஜா நூலகர் எழுதியது:

ஆமாம். வேடிக்கைக்கு இடம், மதிப்பெண் பலகையில் எழுதிக்கொண்டிருக்கும் நேரமும், யாருக்கும் தெரியாத கேள்வி கூட்டத்துக்கு வரும் நேரமும். கேள்வி முடிந்து விடை வரும் வரை வாயைத் திறக்கக் கூடாது, பிள்ளைகள் யோசிக்கிறார்கள். தவறான விடை சொன்ன பிள்ளையை வைத்துச் சிரிப்பு வேண்டாம். தகராறு நடக்கும்போது நிச்சயம் வேண்டாம். அப்போது, "இரண்டு நிமிடம் கொடுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்ற ஒரே வாக்கியம் போதும். நடத்துநரை வைத்து நடத்துநரே கேலி செய்துகொள்வது மட்டும் எந்த நேரத்திலும் செல்லும். கூட்டத்தில் ஒருவர் விடையை முணுமுணுத்துவிட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

---

மேடைக்காரன் எழுதியது:

"முன்வரிசை ஐயாவுக்கு நன்றி, அந்தக் கேள்வியை ஆற்றோடு விட்டுவிட்டோம். எந்த ஆறு என்று கேட்காதீர்கள்." கைவசம் சுற்றுக்கு இரண்டு மாற்றுக் கேள்விகள் வைத்திருக்கிறேன். அது ஒன்றாவது சரியாகச் செய்திருக்கிறேன் போலும்.

இரண்டு பள்ளிகளுக்கும் இன்று பேசினேன். நொய்யல் ஆசிரியர் உடனே, "இரண்டு பேரும் முதல் என்று போடுங்கள்" என்றார். பெண்ணை ஆசிரியர் யோசித்துச் சொல்வதாக வைத்துவிட்டார். அவர் குரலில் கோபம் இருந்தது, அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

அடுத்த ஆண்டு தொடக்க உரையில் பல் செட்டுக்குப் பிறகு இதைச் சேர்த்திருக்கிறேன்:

"என் கையில் இருக்கும் விடை எனக்குத் தெரிந்த விடை மட்டுமே. உங்கள் விடை நான் வாசித்த கேள்விக்குப் பொருந்தினால் மதிப்பெண் உங்களுக்கு. ஆட்சேபம் இருந்தால் அடுத்த கேள்வியை நான் தொடங்கும் முன் தெரிவிக்க வேண்டும். மேசையில் இருக்கும் இரண்டு பேர் பார்த்துச் சொல்வார்கள், நான் அதை அறிவிப்பேன். வாசிக்கும்போது நடுவில் மணி அடிக்கக் கூடாது. வாசித்து முடித்ததும் 'மணி' என்று சொல்வேன், பிறகு அடிக்கலாம்."

மூன்றாம் சுற்றுக் கேள்வியை இப்படி மாற்றிவிட்டேன்: "1578-ல் கொல்லத்தில், தமிழ் எழுத்துகளை வார்த்து அச்சிட்ட 16 பக்க நூலின் பெயர் என்ன?"

---

சரோஜா நூலகர் எழுதியது:

கேள்வி நன்று. உரையில் "ஆட்சேபம்" வேண்டாம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை அந்தச் சொல்லைக் கேட்டால் ஏதோ நீதிமன்றம் என்று பயந்து உட்கார்ந்துவிடும். "என் தீர்ப்பு தவறு என்று தோன்றினால் கை தூக்குங்கள்" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, முதல் கேள்விக்கு முன் ஒரு முறை எல்லாரையும் கை தூக்கச் சொல்லிப் பாருங்கள்.